18 லட்சம் எங்கே?

கோவில்பட்டியில் ஒரு மொத்த வியாபாரி நொடித்துப் போனார். அதில் எனக்குப் பங்கு உண்டு. ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. வட்டிக்காரன் கழுத்தை நெரித்துவிட்டான் என்றார்கள். அகலக்கால் வைத்தார் என்றார்கள். கம்பெனிக்காரன் கைவிட்டான் என்றார்கள். நான் அவருடைய ஆடிட்டர். வருஷா வருஷம் அவருடைய லாப நஷ்டக் கணக்கிலும் ஐந்தொகையிலும் கையெழுத்துப் போட்டவன். சட்டம் கேட்ட தாள்களையெல்லாம் கொடுத்தேன். அவருக்குத் தேவைப்பட்ட ஒரே தாளை மட்டும் கொடுக்கவில்லை.

அவரை அண்ணாச்சி என்றே சொல்கிறேன். நேரில் அப்படித்தான் கூப்பிடுவேன். தொகைகளைச் சற்று மாற்றி, லட்சத்துக்கு முழுமையாக்கித் தருகிறேன், ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. ஜி.எஸ்.டி.யையும் விட்டுவிடுகிறேன். அதைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகத்தான் தெரியும்.

அண்ணாச்சி எடுத்திருந்தது சோப்பு, பிஸ்கட், டீத்தூள், மசாலாப் பொடி ஏஜென்சி. கம்பெனியிடம் சரக்கு எடுத்து, டவுனிலும் கழுகுமலை, கயத்தாறு லைன்களிலும் உள்ள மளிகைக் கடைகளுக்குப் போடுவார். வருஷத்துக்கு 6 கோடி விற்பனை. பிறகு கம்பெனி எட்டயபுரம், விளாத்திகுளம் ஏரியாவையும் அவரிடமே கொடுத்தது. ஒரே வருஷத்தில் 9 கோடி. செலவெல்லாம் போக லாபம் 18 லட்சம்.

அந்த வருஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை. 9 கோடி பார்ட்டி என் ஆபீசுக்கு வருகிறார் என்பதை ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டேன். என் வாடிக்கையாளர்களில் அவர்தான் பெரியவர். அவருடைய வளர்ச்சியை என் கெட்டிக்காரத்தனமாக நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் கடைசி வாரம். வரித் தணிக்கை அறிக்கைகளை 30-ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். மேஜை முழுக்க ஃபைல். அண்ணாச்சி வந்து எதிரில் உட்கார்ந்தார். கையில் பேங்க் சி.சி. கணக்கின் ஸ்டேட்மென்ட். ஐந்தொகையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, 18 லட்சம் லாபம்னு போட்டிருக்கீங்க. வீட்ல வளையல், தோடு எல்லாம் அடகுல கெடக்கு. சி.சி. எப்பவும் லிமிட்டத் தொட்டுக்கிட்டே நிக்கி. அந்த 18 லட்சம் எங்க இருக்கு?"

நான் நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்க்கவில்லை. "அது வியாபாரத்துல சுத்திக்கிட்டு இருக்கு அண்ணாச்சி. வளர்ற வியாபாரம்னா அப்படித்தான் இருக்கும். பயப்படாதீங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சாத்தூர் ஏரியாவும் தர்றேங்காங்க. எடுக்கலாமா?" என்றார்.

"தாராளமா எடுங்க" என்றேன்.

நான் செய்த குற்றம் இந்த இரண்டு பதில்கள்தான். முதல் பதில் பொய் இல்லை. ஆனால் அது பதிலே இல்லை. பணம் சுற்றுகிறது என்றால் எங்கே சுற்றுகிறது, எவ்வளவு, திரும்பி எப்போது வரும்? அதைச் சொல்லத் தெரிந்துகொள்வதுதான் என் தொழில். நான் சொல்லவில்லை. ஏனென்றால் நான் கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை. ரொக்க ஓட்ட அறிக்கையைப் பரீட்சைக்காகப் படித்தவன் நான். மார்க்கும் வாங்கினேன். தனி உரிமையாளர் நடத்தும் இந்த அளவு வியாபாரத்துக்கு அந்த அறிக்கையைக் கணக்குத் தரநிலை கட்டாயமாக்கவில்லை. லாப நஷ்டக் கணக்கும் ஐந்தொகையும் போதும். கட்டாயம் இல்லாததைச் செய்ய எனக்கு நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் நேரம் ஒரு சாக்கு. கணக்கைப் போட்டு, முடிவு கசப்பாக வந்து, அதை அவரிடம் சொன்னால், வேறு ஆடிட்டரிடம் போய்விடுவாரோ என்ற பயமும் இருந்தது. தட்டிக்கொடுக்கிற ஆடிட்டரைத்தான் வளர்கிற வியாபாரிக்குப் பிடிக்கும்.

அன்றைக்கு அவர் முன்னால் இருந்த ஐந்தொகையையும் முந்திய வருஷத்து ஐந்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு இதுதான்.

லாபம் 18 லட்சம். வருமான வரி 4 லட்சம் போனால் 14. செலவில் 3 லட்சம் தேய்மானம் எழுதியிருந்தோம். தேய்மானம் ஏட்டில் எழுதுகிற செலவு, அதற்காக அந்த வருஷம் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. அதைத் திரும்பச் சேர்த்தால் 17 லட்சம். கடைக்காரர்கள் எல்லாரும் அன்றன்றே காசு கொடுத்து, சரக்கு தேங்காமல் போயிருந்தால், இந்த 17 லட்சம் அவர் பெட்டியில் இருந்திருக்கும்.

இனி, பெட்டிக்கு வராமல் நின்றது. கடைப் பாக்கி முந்திய மார்ச்சில் 33 லட்சம், இந்த மார்ச்சில் 69 லட்சம். கூடியது 36. கோடவுன் சரக்கு 27-லிருந்து 48. கூடியது 21. கம்பெனி தரவேண்டிய ஸ்கீம் கிளைம் 4-லிருந்து 13. கூடியது 9. அவர் கம்பெனிகளுக்குத் தரவேண்டியது 8-லிருந்து 12 ஆகியிருந்தது. அந்த 4 லட்சம் மட்டும் அவருக்குச் சாதகம். கழித்துப் பார்த்தால் 62 லட்சம் வியாபாரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

17 வந்தது, 62 போனது. தொழில் நடத்தியதிலேயே 45 லட்சம் பற்றாக்குறை. அதன்மேல் புது லைனுக்காக இரண்டு மினி லோடு வண்டி, கோடவுனுக்கு இரும்பு ரேக் என்று 14 லட்சம். ஆக, 59 லட்சம் பள்ளம். ஃப்ரீ கேஷ் ஃப்ளோ என்று படிப்பில் சொல்வது இந்தக் கடைசி எண்ணைத்தான். தொழில் தன் தேவைகளை முடித்துக்கொண்டு முதலாளியிடமும் கடன்காரனிடமும் எவ்வளவு கொடுக்க முடியும் என்று அது சொல்லும். இங்கே கொடுக்க ஒன்றுமில்லை. கேட்கத்தான் இருந்தது. அண்ணாச்சி குடும்பச் செலவுக்கு எடுத்த 6 லட்சத்தையும் சேர்த்தால், அந்த வருஷம் வெளியிலிருந்து 65 லட்சம் வந்திருக்க வேண்டும்.

வந்தும் இருந்தது. சி.சி.யில் கூடுதலாக எடுத்தது 25. வண்டிக் கடன் 10. நகைக் கடன் 8. சீட்டைத் தள்ளி எடுத்தது 7. தனி ஃபைனான்ஸில் 15, நூற்றுக்கு மூன்று வட்டி. கூட்டினால் 65. ஒவ்வொரு வரியும் என் ஆபீசில் பதிவான வரிதான். கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 4 லட்சம் வரியைக் கட்டச் சொன்னவன் நான். கட்ட அவரிடம் பணம் இல்லை. ஃபைனான்ஸ்காரரிடம் வாங்கித்தான் கட்டினார். கையில் வராத லாபத்துக்கு மாதம் மூன்று வட்டியில் வாங்கி வரி கட்டியிருக்கிறார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

லாபக் கணக்கு தப்பா என்றால், இல்லை. பில் போட்டுச் சரக்குக் கைமாறிய அன்றே விற்பனை ஆகிவிட்டது என்றுதான் கணக்கு எழுத வேண்டும். விளாத்திகுளத்துக் கடைக்காரர் எப்போது காசு கொடுப்பார் என்று லாபக் கணக்கு கேட்காது. கேட்க வேண்டிய ஆள் நான்.

அந்த விளாத்திகுளம் லைனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது. கோவில்பட்டி டவுன் கடைகளில் பாக்கி சராசரியாக 20 நாளில் வந்துவிடும். விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் கரிசல் பூமி, மானாவாரி. புரட்டாசியில் விதைத்து, உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் தையில், மாசியில் வீட்டுக்கு வரும். அதுவரை ஊர்க் கடைக்காரர் சம்சாரிக்குக் கடன் கொடுப்பார். கடைக்காரருக்கு அண்ணாச்சி கொடுப்பார். அங்கே பாக்கி திரும்ப 44 நாள் ஆனது. 3 கோடி விற்பனைக்கு 44 நாள் என்றால் 36 லட்சம். ஏறிய கடைப் பாக்கி முழுவதும் அந்த ஒரே லைன். டவுன் பாக்கி அசையவே இல்லை.

நான் பார்த்ததோ மொத்தச் சராசரி, 28 நாள். 20 நாள் 28 ஆனது பெரிதாகத் தெரியவில்லை. லைன் வாரியாகப் பிரித்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். டேலியில் பில் வாரியாகப் பாக்கி இருந்தது. யார் எத்தனை நாளாகக் கொடுக்கவில்லை என்று அதுவே வரிசைப்படுத்திக் காட்டும். நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. அந்த லைனை "நல்ல லாபம்" என்று ஒரு தாளில் எழுதிக்கூடக் கொடுத்தேன். அந்தத் தாளுக்குப் பின்னால் வருகிறேன்.

சரக்கு ஏறியதற்குக் காரணம் மாதக் கடைசி. கம்பெனியின் ஏரியா மேனேஜர் 29, 30 தேதிகளில் கோடவுனில் வந்து உட்கார்ந்துவிடுவார். டார்கெட்டுக்கு இன்னும் 12 லட்சம் குறைகிறது, எடுத்தால் மாதத்துக் கொள்முதல் 70 லட்சத்துக்கும் ஒரு சதவீதம் ஊக்கத்தொகை என்பார். 70,000 ரூபாய். அண்ணாச்சி எனக்குப் போன் போட்டுக் கேட்ட மாதங்களும் உண்டு. எடுங்கள், லாபம்தானே என்றிருக்கிறேன். அந்த 12 லட்சம் சரக்கு விற்றுக் காசாக இரண்டு மாதம் ஆகும். அந்தக் கடைசி 12 லட்சத்துக்குக் கைப்பணம் கிடையாது, ஃபைனான்ஸில்தான் புரட்டுவார். மூன்று வட்டிக்கு இரண்டு மாதம் 72,000. ஊக்கத்தொகையைவிட 2,000 ரூபாய் அதிகம். ஊக்கத்தொகை வரவில் தனியாகப் பளிச்சென்று தெரிந்தது. வட்டி, மற்ற வட்டிகளோடு கலந்து கிடந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

கிளைமில் என் கவனக்குறைவு இன்னும் அப்பட்டம். பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று கம்பெனி அறிவிக்கும். அந்த ஒன்றை அண்ணாச்சி தன் சரக்கிலிருந்து கொடுத்துவிட்டு, பில் நகல்களோடு கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் சரிபார்த்து கிரெடிட் நோட் போடுவார்கள். அனுப்பிய உடனே மொத்தத்தையும் நான் வரவாக எழுத விட்டேன். 13 லட்சத்தில் 3 லட்சத்தைக் கம்பெனி பின்னால் நிராகரித்தது. பில் நகல் இல்லை, தேதி தாண்டிவிட்டது என்று காரணம். ஆக, 18 லட்சம் லாபமே 15-தான். அந்த எண்ணும் நான் பெருமைப்பட்ட அளவுக்குச் சுத்தமில்லை.

ஒருவேளை கடைப் பாக்கி 20 நாளிலேயே நின்று, சரக்கும் கிளைமும் விற்பனையின் அளவுக்கு மட்டுமே ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிறகு அதையும் போட்டுப் பார்த்தேன். 62 லட்சம் 28 லட்சமாகக் குறைந்திருக்கும். பாதிக்கு மேல் ஒழுங்கீனம், சரி. ஆனால் அந்த 28-ஐப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலும் தொழிலில் வந்த 17 லட்சம் அதற்குப் போதாது. 6 கோடி விற்பனைக்கு 56 லட்சம் முடங்கிக் கிடந்தது. அப்படியானால் ஒவ்வொரு கூடுதல் கோடிக்கும் ஏறக்குறைய 9 லட்சத்துச் சில்லறை முதலில் உள்ளே போட வேண்டும். அந்தக் கோடியில் வரி போக மிஞ்சுவது 2 லட்சத்துக்கும் குறைவு. குடும்பச் செலவையும் எடுத்துக்கொண்டு, கடன் வாங்காமல், வண்டியும் வாங்காமல் அவர் வளர்ந்திருக்கக்கூடிய அளவு வருஷத்துக்கு 12 சதவீதம். வளர்ந்தது 50 சதவீதம். அவர் வசூலில் சுணங்கியவர் இல்லை. மெலிந்த லாபத்தில் உடனுக்குடன் பணம் கட்டிச் சரக்கெடுத்துக் கடனுக்கு விற்கிற தொழிலில், வேகம்தான் பணத்தைத் தின்றது.

பேங்க் கொடுக்காதா என்று கேட்கலாம். சரக்கையும் பாக்கியையும் காட்டினால், அதில் நாலில் ஒரு பங்கை நீ போடு என்று கழித்துக்கொண்டுதான் அவருடைய பேங்க் கொடுத்தது. 90 நாள் தாண்டிய பாக்கியைக் கணக்கிலேயே சேர்க்காது. கரிசல் காட்டு பாக்கியில் ஐப்பசி, கார்த்திகை வாக்கில் 90 நாள் தாண்டுவது நிறைய. பணம் ரொம்பத் தேவைப்பட்ட மாதங்களில்தான் பேங்க்கில் எடுக்க முடிந்த தொகை சுருங்கியது. அந்த ஓட்டையை மூன்று வட்டி அடைத்தது.

செப்டம்பரில் இதைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாரா? தப்பித்திருப்பார் என்றே நினைக்கிறேன். விளாத்திகுளத்தைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். இரண்டு வண்டியில் ஒன்றை விற்றிருக்கலாம். சாத்தூரை வேண்டாம் என்றிருக்கலாம். அது ஒன்று போதும்.

சாத்தூரை எடுத்தார். அக்டோபரில் அங்கேயும் கடைகளுக்குச் சரக்கு இறங்கியது. ஜனவரியில், பொங்கலுக்கு முந்திய வாரம், கம்பெனிக்குக் கொடுத்த செக் திரும்பியது. திரும்பிய அன்றே பில்லிங்கை நிறுத்திவிட்டார்கள். வருஷத்தில் நல்ல விற்பனை ஓடுகிற வாரம் அது. டவுன் கடைக்காரர்கள் பக்கத்து ஏஜென்சியிடம் போனார்கள். சரக்கு வராத வியாபாரிக்குப் பழைய பாக்கியைக் கொடுக்க யாருக்கும் அவசரமில்லை. 20 நாளில் வந்த டவுன் பாக்கியும் நின்றது. தை பிறந்தபோது சேல்ஸ்மேன்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. நகைகள் ஏலத்துக்குப் போயின. அதில் அவர் மகளுக்கென்று எடுத்து வைத்ததும் இருந்தது. அவர் வீட்டம்மா என்னை வழியில் பார்த்து, "நல்லாருக்கீகளா தம்பி" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. நல்லாத்தான் இருந்தேன். என் ஃபீஸ் பாக்கியில்லாமல் வந்திருந்தது.

இப்போது அந்தத் தாள். எந்த லைனில் எவ்வளவு லாபம் என்று கேட்டபோது நான் எழுதிக் கொடுத்தது. விற்பனையில் இத்தனை சதவீதம் என்று விளாத்திகுளத்துக்கு நேரே நல்ல எண் இருந்தது. காத்திருக்கிற நாளுக்கு அதில் கட்டம் இல்லை. அண்ணாச்சி அதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். லாபமான லைனில் காசு வரவில்லை என்றால் கோளாறு ஆளிடம்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். நினைக்க வைத்தது என் தாள். அந்த லைன் பார்த்த பையன் வசூலைக் கையாடுகிறான் என்று சந்தேகப்பட்டார். 60 நாள் தாண்டிய பில்லுக்கெல்லாம் அவனைப் பொறுப்பாக்கி, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார். நான் அந்தப் பிடித்தத்தையும் பார்த்தேன். சம்பளப் பட்டியலில் தனிக் கட்டமாக இருந்தது. கூட்டல் சரியா என்று மட்டும் பார்த்தேன். பையன் பைக்கை விற்றான். பிறகு வேலையை விட்டுப் போய்விட்டான்.

சாத்தூரும் விளாத்திகுளமும் போயின. ஃபைனான்ஸ் கடனை முடிக்கக் கோடவுன் இடத்தை விற்றார். இப்போது ஒரு சின்னக் கம்பெனியின் மசாலா மட்டும் எடுத்து, டவுனுக்குள் போடுகிறார். பெரும்பாலும் கைக்காசு.

இந்தக் கணக்கை நான் போட்டது அதற்கெல்லாம் பிறகு. அவர் கேட்டு ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. ஒரே தாள்தான். எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். 65 லட்சம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று வரிவரியாகச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "இது அப்பவே உங்களுக்குத் தெரியுமா தம்பி?" என்றார்.

"தெரியாது. பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பார்க்கல" என்றேன்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரல் 44 நாள் என்ற வரியில் போய் நின்றது. "இந்த லைன்ல எல்லாக் கடையுமே இப்படித்தானா?" என்றார். ஆமாம், சம்சாரிக்கு விளைச்சல் வந்த பிறகுதான் கடைக்காரன் கொடுப்பான், யார் போய்க் கேட்டிருந்தாலும் இப்படித்தான் என்றேன்.

"அப்போ அந்தப் பய மேல தப்பில்லையா?"

"இல்ல அண்ணாச்சி."

பையன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார்கள். பிடித்த பணம் மொத்தம் 46,000 ரூபாய். அண்ணாச்சியிடம் இப்போது அது இல்லை. என்னிடம் இருக்கிறது. இதை எழுதுகிற இன்றுவரை நானும் கொடுக்கவில்லை.